பெரிய கடை டெபிட் நோட் போட்டுப் பிடித்த பணம்: பேசி வாங்குவதா, மன்றமா, வழக்கா?

பேமென்ட் அட்வைஸைத் திறக்கிறீர்கள். வர வேண்டியது 4,12,000 ரூபாய், வந்தது 2,26,000. இடையில் இரண்டே வரிகள்: ஒன்றில் "சரக்குத் திருப்பம்", இன்னொன்றில் "மார்ஜின் ஷார்ட்ஃபால்", அதாவது கடையின் லாபப் பங்கு குறைந்துவிட்டதாம். போன் போட்டால் அக்கவுன்ட்ஸ் பையன், "சார், சிஸ்டத்துல ஆட்டோவா போயிடும், பர்ச்சேஸ்ல கேளுங்க" என்பார். பர்ச்சேஸில் கேட்டால், முன்பு இருந்த ஆள் மாறிவிட்டார் என்பார்கள். சின்ன சப்ளையர்களின் கணக்கைப் பார்க்கும் எனக்கு மாதம் ஒருமுறையாவது இந்த போன் வரும். "அண்ணே, கேஸ் போடலாமா, இல்ல விட்டுடலாமா?"

இந்தியச் சட்டத்தில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. எது சரி என்பது பணத்தின் அளவைவிட, அந்தப் பிடித்தத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஒன்று, சான்று. சரக்கு உண்மையிலேயே திரும்பி வந்ததா, மார்ஜினை ஈடு செய்வதாக நீங்கள் எழுத்தில் எங்காவது ஒப்புக்கொண்டீர்களா?

இரண்டு, ஒப்பந்தம். சரக்கை முழுவதும் வாங்கிக்கொண்ட வியாபாரமா, விற்றால் பணம், இல்லையேல் திருப்பம் என்ற வியாபாரமா? டெபிட் நோட்டுக்கு இத்தனை நாளில் மறுப்பு சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா? நடுவர் தீர்ப்பு, எந்த ஊர் நீதிமன்றம் என்ற வரிகள் உண்டா?

மூன்று, நீங்கள் யார். தயாரிப்பாளரா, வாங்கி விற்பவரா? குறு, சிறு தொழில் என்பதற்கான உதயம் பதிவை எப்போது எடுத்தீர்கள்?

நான்கு, காலம். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட 3 வருடம். ஒவ்வொரு இன்வாய்ஸின் கெடுவிலிருந்தும் தனித்தனியாக ஓடும். டெபிட் நோட் போட்ட தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அதிகம், ஏமாறுவதும் அவர்கள்தான்.

ஐந்து, அந்தக் கடையோடு இன்னும் வியாபாரம் வேண்டுமா? இதற்கு மட்டும் சட்டத்தில் பதில் கிடையாது.

## முதல் வேலை: டெபிட் நோட்டைக் கிழித்துப் பிரிப்பது

வீட்டுச் சாமான் தயாரிக்கும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வருடத்தில் 64 லட்சத்துக்குச் சப்ளை. பிடித்தம் 11,38,000. அதில் சரக்குத் திருப்பம் என்று மூன்று நோட்டுகள், 6,20,000. வருடக் கடைசியில் மார்ஜின் குறைவு என்று ஒரே நோட்டு, 5,18,000. ஒப்பந்தப்படி முழு விற்பனை. தயாரிப்புக் குறை இருந்தால் மட்டும் திருப்பம்.

திருப்பத்தில் முதல் நோட்டு 2,10,000. இவருடைய குடோன் ஆள் கையெழுத்துப் போட்ட சலான் இருந்தது. மூடி உடைந்த சரக்கு, நியாயம். இரண்டாவது 1,20,000. சரக்கு வந்தது, ஆனால் பாதிக்கு மேல் பெட்டி பிரித்து, ஸ்டிக்கர் ஒட்டி, கடையில் அடுக்கி வைத்திருந்தது. மூன்றாவது 2,90,000. "பழைய ஸ்டாக் திருப்பம்" என்று எழுதியிருந்தது, டெலிவரி ஆகி ஐந்து மாதம் கழித்து.

இந்த மூன்றாவதைத்தான் நோண்டினோம். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு நகர்ந்தால் இ-வே பில் வேண்டும். மாநிலத்துக்குள் சில இடங்களில் வரம்பு வேறு. 2,90,000 ரூபாய்ச் சரக்கு ஒரே லோடாக வந்திருந்தால் பில் எண் இருந்தாக வேண்டும். லாரி ரசீது, கடை கேட் பாஸ், யார் இறக்கினார் என்ற கையெழுத்து, இந்த மூன்றையும் கேட்டு மெயில் போட்டோம். ஒன்றும் வரவில்லை. சரக்கு கடையின் குடோனை விட்டு நகரவே இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் திரும்பியிருக்கிறது. இப்படி நடப்பது அபூர்வமில்லை. ஸ்டாக் எடுக்கும்போது காணாமல் போன சரக்கையும் சிலர் இந்தத் தலைப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

மார்ஜின் கணக்கு இன்னும் சுவாரசியம். எம்.ஆர்.பி. 590, வரி 18 சதவீதத்தை எடுத்தால் 500. கடைக்கு 30 சதவீதம் என்று பேச்சு, ஆக இவர் விலை 350. கடை 20 சதவீதத் தள்ளுபடியில் 472-க்கு விற்றது, வரி போக 400. அதில் 30 சதவீதம் என்றால் 120 வர வேண்டும், வந்தது 50. குறைவு ஒரு பீஸுக்கு 70. இதுவரை கணக்கு சரி. அப்புறம் அந்த 70-ஐ 7,400 பீஸால் பெருக்கியிருந்தார்கள். 7,400 என்பது வருடம் முழுக்க வாங்கிய எண்ணிக்கை. இவர் மெயிலில் ஒப்புக்கொண்டது இரண்டு மாத ஆஃபருக்கு மட்டும். அந்த இரண்டு மாதத்தில் விற்றது 1,850 பீஸ். கொடுக்க வேண்டியது 1,29,500. மீதி 3,88,500-க்கு எந்த எழுத்தும் இல்லை.

பில்லிங் விலையிலேயே ஆஃபரைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அதே ஆஃபருக்கு டெபிட்டும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த இடத்தில்தான். இவருக்கு அப்படி இல்லை. ஆனால் நான் பார்த்த வேறு இரண்டு கணக்குகளில் இருந்தது.

ஆக, 11.38 லட்சம் மூன்றாகப் பிரிந்தது: ஒப்புக்கொள்ள வேண்டியது சுமார் 3.4 லட்சம், இரண்டும் கெட்டான் 1.2 லட்சம், சண்டை போட வேண்டியது சுமார் 6.8 லட்சம். மொத்தத் தொகைக்கும் ஒரே வழியில் போனால், உங்கள் பலவீனமான பகுதி பலமான பகுதியையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

## நான்கு வழிகள், ஒரே பார்வையில்

| | பேசித் தீர்ப்பது | வசதியாக்க மன்றம் | வணிக வழக்கு அல்லது நடுவர் | திவால் நோட்டீஸ் |
|---|---|---|---|---|
| யாருக்கு | எல்லாருக்கும் | குறு, சிறு தயாரிப்பாளர், சேவை தருபவர் | வழக்குக்கு 3 லட்சம் முதல் | 1 கோடி முதல் |
| எங்கே | கடையின் தலைமை அலுவலகம் | உங்கள் ஊர் இருக்கும் எல்லை | ஒப்பந்தம் சொல்லும் ஊர் | கடையின் பதிவு அலுவலக எல்லை |
| பணச்செலவு | மிகக் குறைவு | குறைவு | கோர்ட் ஃபீஸ், வக்கீல் | வக்கீல் கட்டணம் அதிகம் |
| மறைமுகச் செலவு | காலம் கரைவது, தவறான கையெழுத்து | எதிர்க்கோரிக்கை, இழுபறி | வருடங்கள், பயணம் | "தகராறு உண்டு" என்ற ஒரு பதிலில் முடிவது |
| எதற்குப் பொருந்தும் | சான்று இருவரிடமும் இருக்கும் பகுதிக்கு | சான்றே இல்லாத திருப்பத்துக்கு | பெரிய தொகை, சிக்கலான ஒப்பந்தம் | கடை எழுத்தில் ஒப்புக்கொண்ட பாக்கிக்கு |

## பேசித் தீர்ப்பது

இதை மென்மையான வழி என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகச் செய்தால் இதுதான் கடினமான வேலை. டெபிட் நோட் வந்த வாரத்திலேயே எண் வாரியாக மறுப்பு மெயில் போக வேண்டும்: இந்த நோட்டில் இந்த வரியை ஏற்கிறேன், இந்த வரிக்கு இந்த ஆவணம் தாருங்கள், இதை மறுக்கிறேன். பர்ச்சேஸ் ஆளுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் முகவரி என்று இருக்கும் இடத்துக்கும், நிதித் துறைக்கும் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் "சார் ப்ளீஸ் செக்" என்று அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடம் போனாலும் பயனில்லை.

இந்த வழியின் மறைமுகச் செலவு இரண்டு கையெழுத்துகளில் இருக்கிறது. வருடக் கடைசியில் ஆடிட்டுக்கு என்று நிலுவை உறுதிக் கடிதம் வரும். அதில் பிடித்தம் போன பிறகான தொகை இருக்கும். "ஃபார்மாலிட்டிதான் சார்" என்பார்கள். போட்டுவிட்டால், பிறகு எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள். உங்கள் லெட்ஜர் தொகையை எழுதி, மறுக்கும் டெபிட் நோட்டுகளின் பட்டியலை இணைத்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட். சரக்கு திரும்பினாலோ இன்வாய்ஸில் விலை கூடுதலாகப் போட்டிருந்தாலோ சட்டப்படி கிரெடிட் நோட் போட வேண்டியவர் சப்ளையர், அதாவது நீங்கள். கடை போடும் டெபிட் நோட் வெறும் கணக்குக் காகிதம். உங்கள் வரியை அது குறைக்காது. அதனால்தான் கடையின் சப்ளையர் போர்ட்டலில் "கிரெடிட் நோட் பதிவேற்றுங்கள், அப்போதுதான் அடுத்த பேமென்ட்" என்று நெருக்குவார்கள். மறுக்கும் பகுதிக்கு நீங்களே கிரெடிட் நோட் போட்டுவிட்டு, பிறகு "நான் ஒப்புக்கொள்ளவே இல்லை" என்றால் யார் நம்புவார்?

ஆனால் ஒப்புக்கொண்ட பகுதிக்கு உடனே போட்டுவிட வேண்டும். சப்ளை செய்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அல்லது வருடாந்திர ரிட்டர்ன் போட்ட நாள், எது முந்தியோ அதுவரைதான் வரியைக் குறைக்க முடியும். கடையும் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். கெடுவைத் தவறவிட்டால் சரக்கின் விலையும் போய், கட்டிய வரியும் போகும்.

பேச்சில் உங்கள் பக்கம் இன்னொரு பிடி உண்டு. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்காத பங்குக்கான உள்ளீட்டு வரியைக் கடை திருப்ப வேண்டும். கிரெடிட் நோட் இல்லாமல் பிடித்த தொகை அந்தக் கணக்கில் வரும் என்று நிதித் துறைக்கு ஒரு வரி எழுதினால், பர்ச்சேஸில் கிடைக்காத பதில் சில சமயம் அங்கிருந்து வரும்.

தொகை சின்னது, ஆர்டர் தொடர்கிறது, இரண்டு பக்கமும் கொஞ்சம் தப்பு என்றால் இந்த வழி போதும். ஆனால் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் எழுத்தில் பதில் இல்லையென்றால், அதற்குப் பிறகு பேச்சு வெறும் காலக்கரைசல்தான்.

## வசதியாக்க மன்றம்

சின்ன சப்ளையரின் தாமதமான பணத்துக்காக, குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன் கீழ் வருவது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சின்னத் தயாரிப்பாளருக்கு இதில்தான் பலம் அதிகம் என்பது என் கணிப்பு. காரணம் வட்டி மட்டும் இல்லை.

அந்தச் சட்டத்தில் டெலிவரி ஆன நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், டெலிவரி நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். ஐந்து மாதம் கழித்து "பழைய ஸ்டாக்" என்று வரும் டெபிட் நோட்டின் காலை இது வாரிவிடும். 1930-இன் சரக்கு விற்பனைச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது, ஆனால் "நியாயமான காலம்" என்று விட்டுவிடுகிறது. நியாயம் எத்தனை நாள் என்று பிறகு வாதாட வேண்டும். இங்கே எண்ணே இருக்கிறது.

பணம் தர ஒப்பந்தத்தில் என்ன கெடு எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால், நம் ஆளின் 6.8 லட்சத்துக்கு ஒரு வருடத்தில் சுமார் 1.33 லட்சம் ஏறும். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துக் கடை கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒப்பந்தத்தில் வேறு ஊர் நடுவர் என்று எழுதியிருந்தாலும் மன்றத்துக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

இனி, கதவு எங்கே மூடும் என்று பார்ப்போம். வாங்கி விற்பவர்களுக்கு 2021-இல் உதயம் பதிவு திறந்தது வங்கிக் கடனுக்காக மட்டும். தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. நடுத்தர நிறுவனத்துக்கும் இல்லை. பதிவு எடுக்கும் முன்பு போட்ட ஒப்பந்தத்துக்கு இந்தப் பலனைக் கேட்பதும் ஆபத்து; உச்ச நீதிமன்றத்தின் 2021, 2022 தீர்ப்புகள் அதற்கு எதிராக இருக்கின்றன. சண்டை வந்த பிறகு அவசரமாக உதயம் எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வது.

மார்ஜின் பகுதிக்கு 15 நாள் விதி உதவாது. கடை சொல்வது சரக்கு சரியில்லை என்பதை அல்ல, நீ எனக்குத் தர வேண்டியது இருக்கிறது என்பதை. அது எதிர்க்கோரிக்கை, மன்றத்தில் அதை வைக்கலாம் என்பதும் 2021 தீர்ப்பிலேயே இருக்கிறது. அங்கே ஒரே கேள்வி: ஒப்புக்கொண்ட எழுத்து எங்கே? விற்பனைப் பிரதிநிதி ஒருவர் ஆர்வக்கோளாறில் "ஓகே, டன்" என்று அனுப்பிய மெயில் கிடைத்தால் உங்களுக்குச் சிக்கல்தான். மன்றத்துக்குப் போகுமுன் உங்கள் ஆட்களின் மெயிலையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

சட்டம் 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது. நடப்பில் சமரசக் கட்டம், பிறகு நடுவர் கட்டம் என்று அதைவிட நிறைய இழுக்கும். கடை புது ஆர்டரை நிறுத்தலாம், அதைத் தடுக்க மன்றத்தால் முடியாது.

## வணிக வழக்கு அல்லது நடுவர்

நீங்கள் டிரேடர், அல்லது நடுத்தர நிறுவனம், அல்லது ஒப்பந்தமே நூறு பக்கம் என்றால் இது. 3 லட்சம் முதல் வணிக நீதிமன்றம் எடுக்கும். அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காத வழக்கென்றால் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் தாக்கல் செய்தால் மனுவே தள்ளுபடி ஆகும் என்பது 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவகையில் இது நல்லது. முதல்முறையாகக் கடையின் சட்டப் பிரிவு உங்கள் ஃபைலைத் திறந்து பார்க்கும் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

நடுவர் விதி இருந்தால், கடையே தன் இஷ்டத்துக்கு ஒருவரை நடுவராக நியமிக்கும் வரி இப்போது நிற்காது. ஆனால் நடுவர் கட்டணத்தில் உங்கள் பங்கைக் கையிலிருந்து வைக்க வேண்டும். 6.8 லட்சத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்று முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை 20, 25 லட்சத்துக்குக் கீழே பெரும்பாலும் கட்டாது.

## திவால் நோட்டீஸ்

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஆனால் எல்லாரும் கேட்பது இதைத்தான். "ஒரு நோட்டீஸ் விட்டா பயந்து கொடுத்துடுவான்ல?" 2020 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சத் தொகை 1 கோடி. அதைத் தாண்டினாலும், நோட்டீஸுக்கு முன்பே தகராறு இருந்தது என்று காட்டினால் தீர்ப்பாயம் மனுவை ஏற்காது. 2017-இல் மொபிலாக்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பு இது. தகராறில் யார் ஜெயிப்பார் என்று கூடப் பார்க்க மாட்டார்கள், கற்பனையாக இல்லாமல் இருந்தால் போதும். உங்கள் கையில் இருக்கும் டெபிட் நோட்டும், அதை மறுத்து நீங்கள் போட்ட மெயிலுமே கடைக்கு அந்தச் சான்றாகிவிடும்! கடை தன் லெட்ஜரில் பாக்கி என்றே காட்டும் தொகை, பிடித்தங்களைத் தவிர்த்து, 1 கோடிக்கு மேல் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். அப்போதும் கடை உண்மையிலேயே நொடித்துப்போனால் நீங்கள் வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால்தான் நிற்பீர்கள்.

## நம் ஆள் எப்படிப் போனார்

3.4 லட்சத்துக்கு நவம்பருக்குள் கிரெடிட் நோட் போட்டுக் கடைக்கு அனுப்பினார். ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டது மற்றப் பேச்சுக்குத் தெம்பாக இருந்தது. பெட்டி பிரித்த 1.2 லட்சத்தைப் பாதிக்குப் பாதி என்று முடித்தார், எழுத்தில்.

2.9 லட்சத்துக்கு இ-வே பில் கேட்ட மெயிலை இரண்டு முறை நினைவூட்டி, மூன்றாவது முறை மன்றத்துக்குப் போடவிருந்த மனுவின் நகலையும் இணைத்தார். பதினோரு நாளில் "ரிவர்சல்" என்று அடுத்த அட்வைஸில் வந்தது, விளக்கம் எதுவும் இல்லாமல். மார்ஜின் பகுதிக்கு மட்டும் மன்றத்தில் மனு. சமரசம் முறிந்து இப்போது நடுவர் கட்டத்தில் இருக்கிறது. கடை இவருடைய எட்டுப் பொருளில் மூன்றை நிறுத்திவிட்டது, ஐந்து இன்னும் போகிறது. புது ஆர்டர்களில் அவர் ஒரு வரி சேர்த்துவிட்டார்: ஆஃபர் ஈடு என்றால் இருவர் கையெழுத்திட்ட கடிதம், தேதியோடு, விற்ற எண்ணிக்கைக்கு மட்டும். கடை அதை வெட்டாமல் ஏற்றுக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம்.